கையெழுத்தைச் சுற்றி வரும் வெள்ளைக் கட்டத்தை நீக்கிய விதம்

வேர்டில் இருந்து பிடிஎஃப் ஆக்கிய கடிதத்தில் ஸ்கேன் செய்த கையெழுத்தை வைத்தால், அதன் வெள்ளைப் பின்னணி கீழே இருக்கும் கோட்டையும் பெயரையும் மறைத்துவிட்டது. வேர்டிலேயே உள்ள Set Transparent Color போதவில்லை. அது ஒரே ஒரு நிறத்தைத்தான் நீக்கும். ஸ்கேன் செய்த தாளோ சீரான வெள்ளை அல்ல. லேசான சாம்பல் புள்ளிகள் அப்படியே தங்கிவிடும்.

எனக்குச் சரிவந்தது ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருள்தான். கோடில்லாத வெள்ளைத்தாளில் கறுப்பு மையில் கையெழுத்திட்டு, 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து பிஎன்ஜியாகச் சேமித்தேன். ஜேபெக் என்றால் எழுத்தோரத்தில் அழுக்குப் படியும்; ஒளிபுகும் பின்னணியையும் அது தாங்காது.

முதலில் Colors > Levels திறந்து, வலப்பக்க வெள்ளை முக்கோணத்தை 210 அளவுக்கு இழுத்தால் தாளின் சாம்பல் முழு வெள்ளையாகிவிடும். மெல்லிய கோடுகள் அறுந்தால் சற்றுப் பின்னே நகர்த்துங்கள். பிறகு Colors > Color to Alpha, நிறம் வெள்ளை. மந்திரக்கோலால் தேர்ந்தெடுத்து அழிப்பதைவிட இதுவே மேல். அதில் எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு நிற்கும், இதில் ஓரத்துப் பிக்சல்கள் பாதி ஒளிபுகும் மையாக மாறும். அடியில் அடர்நிற லேயர் ஒன்றை வைத்துப் பார்த்தால் மிச்சப் புள்ளிகள் பளிச்சென்று தெரியும். அவற்றை அழித்தபின் அந்த லேயரை நீக்கிவிட்டு, பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்யுங்கள்.

பிடிஎஃப் ஆக்கும்போது, ஆவணங்களை நெடுங்காலம் காப்பதற்கான PDF/A-1 வடிவம் வேண்டாம். அந்த வடிவம் ஒளிபுகுதலை அனுமதிக்காது. கட்டம் திரும்ப வந்துவிடலாம். PDF/A-2 அனுமதிக்கும்.