சொந்தமாக அச்சிடும் புத்தகத்துக்கு விலை வைப்பது எப்படி? 160 பக்கச் சிறுகதைத் தொகுப்பு ஒன்றின் முழுக் கணக்கு

சொந்தச் செலவில் புத்தகம் போடும் நண்பர்கள் பலர், அட்டை அச்சுக்குப் போகும் அன்று காலையில்தான் விலையை யோசிக்கிறார்கள். பின்னட்டையில் ஒரு எண் வேண்டும் என்று வடிவமைப்பாளர் கேட்பார். பக்கத்துக்கு ஒரு ரூபாய், கூடக் கொஞ்சம் என்று மனதில் வந்ததைச் சொல்லிவிடுவார்கள். அந்த எண்ணை நான்கு படிகளில் கணக்குப் போட்டு எடுக்கலாம். என் சிறுகதைத் தொகுப்புக்கு நான் போட்ட கணக்கையே இங்கே தருகிறேன். உங்கள் ஊர் அச்சகத்தின் தொகை வேறாக இருக்கும், வழி இதுதான்.

எழுத்துரு, பக்க வடிவமைப்பு, ஐஎஸ்பிஎன் எல்லாம் முடிந்துவிட்டன என்று வைத்துக்கொள்கிறேன். பக்க எண்ணிக்கை உறுதியாகும் முன் இந்தக் கணக்கைத் தொடங்க வேண்டாம். ஒரு ஃபாரம் என்பது 16 பக்கம். 163 பக்கம் வந்தால் ஆஃப்செட்டில் அடுத்த ஃபாரத்துக்கும் காசு போகும். முன்பக்கங்களைச் சுருக்கி 160இல் நிறுத்தினால் சரியாகப் பத்து ஃபாரம்.

படி 1: கையை விட்டுப் போகும் மொத்தப் பணம்

டெம்மி அளவு, 70 ஜிஎஸ்எம் நேச்சுரல் ஷேட் தாள், மேட் லேமினேஷன் அட்டை, பெர்ஃபெக்ட் பைண்டிங். 300 பிரதிக்கு எனக்குக் கிடைத்த விலைப்புள்ளி, பிரதிக்கு 80 ரூபாய். ஜிஎஸ்டி சேர்த்துத்தான் இந்தத் தொகையா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அச்சிட்ட புத்தகத்தை விற்கும்போது ஜிஎஸ்டி கிடையாது. அதனால் அச்சகத்தில் கட்டிய வரியைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை, அது உங்கள் செலவுதான்.

வண்டிக்கூலி 1,500 ரூபாய் சேர்ந்து 25,500 ஆனது. பக்க வடிவமைப்பு, மெய்ப்பு, அட்டை ஓவியம் மூன்றுக்கும் 12,000. ஆக மொத்தம் 37,500 ரூபாய். மெய்ப்பை நண்பர் இலவசமாகப் பார்த்துத் தந்தாலும் ஒரு தொகையை எழுதிவைக்கச் சொல்வேன். அடுத்த புத்தகத்துக்கு அவருக்கு நேரம் இல்லாமல் போகலாம்.

படி 2: எத்தனையால் வகுப்பது?

37,500ஐ 300ஆல் வகுத்தால் 125 ரூபாய். பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்த 300ம் காசாக மாறாது. விமர்சகர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கும் ஒரு 25 பிரதி போகும். 1954ஆம் ஆண்டின் புத்தக ஒப்படைப்புச் சட்டப்படி சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு நம் செலவில் அனுப்ப வேண்டும். கடையிலிருந்து முனை மடங்கித் திரும்பி வருபவை ஒரு பத்து இருக்கும். கட்டின் அடியில் தங்குபவை ஒரு இருபது. கொஞ்சம் தாராளமாகவே கழித்து, விற்றுப் பணம் வரும் பிரதி 240 என்று வைத்தேன். இப்போது ஒரு பிரதியின் அடக்க விலை 156 ரூபாய் சொச்சம்.

“500 அடித்தால் பிரதி 68 ரூபாய்க்கே தருகிறேன்” என்று அச்சகத்தார் சொல்வார். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் நமக்கு அது லாபமா? 500 பிரதிக்கு 34,000, வண்டிக்கூலி 2,000, மற்ற செலவு அதே 12,000, மொத்தம் 48,000. வாங்குபவர்கள் அதே 240 பேர் என்றால் அடக்க விலை 200 ரூபாய் ஆகிவிடுகிறது. முதல் புத்தகத்துக்குக் குறைவாக அடிப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. டிஜிட்டல் அச்சில் ஐம்பது பிரதி வேண்டும் என்றாலும் மறுபடி அடித்துக்கொள்ளலாம்.

படி 3: கடைக்காரர் கழிவு

இந்தப் படியில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள், அதனால் மெதுவாகப் போகிறேன்.

கடைக்காரர் 40 சதவீதம் கழிவு கேட்கிறார். நம்மில் பலர் அடக்க விலை 156 மேல் 40 சதவீதம் கூட்டி 219 என்று போடுவோம். ஆனால் அந்த 40 சதவீதம் அடக்க விலையில் கணக்கிடுவது அல்ல, அட்டை விலையில் கணக்கிடுவது. 219இல் 40 சதவீதம் போனால் நம் கைக்கு வருவது 131 ரூபாய்தான். ஒவ்வொரு பிரதிக்கும் 25 ரூபாய் கையைக் கடிக்கும். அதுவும் விற்க விற்கத்தான் கடிக்கும் என்பதால், புத்தகம் நன்றாகப் போகிறது என்ற மகிழ்ச்சியில் பல மாதம் தெரியாமலே இருக்கும்.

சரியான வழி வகுத்தல். 40 சதவீதம் அவருக்குப் போனால் நமக்கு மீதி 60. அந்த 60 சதவீதம் 156 ஆக வேண்டும் என்றால் அட்டை விலை என்ன? 156.25ஐ 0.6ஆல் வகுத்தால் 260 ரூபாய்.

பதிப்புத் தளங்கள் தரும் விலைக் கணிப்பான்களைவிட ஒரு விரிதாளில் நாமே போட்டுக்கொள்வது எனக்குப் பிடிக்கும். அந்தக் கணிப்பான்களுக்கு உங்கள் மெய்ப்புச் செலவும் இலவசப் பிரதிகளும் தெரியாது. கூகுள் ஷீட்ஸில் ஐந்தே வரி போதும்:

```
B1: 37500
B2: 240
B3: =B1/B2
B4: 40%
B5: =B3/(1-B4)
```

B1 மொத்தச் செலவு, B2 விற்கும் பிரதி, B3 அடக்க விலை, B4 கழிவு. எல்லாப் பிரதியும் கடை வழியாகவே போனால் நட்டம் வராத அட்டை விலை B5இல் வரும்.

படி 4: வாசகர் கொடுக்கும் விலை

260 ரூபாய் என்ற எண்ணோடு ஒரு புத்தகக் கடைக்குப் போங்கள். உங்கள் நூலின் வகையில், ஏறத்தாழ அதே பக்க அளவில், உங்களைப் போலவே அதிகம் அறியப்படாதவர்கள் எழுதிய பத்துப் புத்தகங்களை எடுத்து விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். அண்மையில் அச்சான பதிப்பாகப் பாருங்கள், பழைய கையிருப்பில் பழைய விலையே இருக்கும். புகழ்பெற்ற எழுத்தாளரின் நூலோடு ஒப்பிட வேண்டாம், அவருக்கு அடிக்கும் எண்ணிக்கையே வேறு. நான் பார்த்த பத்தில் பெரும்பாலானவை 180க்கும் 220க்கும் நடுவில் இருந்தன.

ஆக, கடைக்கணக்கு 260 கேட்கிறது, வாசகர் 220க்கு மேல் தயங்குவார். இந்த 40 ரூபாயை எங்கே பிடிப்பது? தாளை மட்டமாக்கியோ எழுத்தைப் பொடியாக்கியோ பிடிப்பதை நான் ஏற்க மாட்டேன். வாசகர் காசு கொடுப்பது படிப்பதற்காக. எந்த வழியில் எத்தனை பிரதி விற்கிறோம் என்பதை மாற்றினால் போதும்.

விலையை 220 என்று வைத்துப் பார்ப்போம். கடை வழியாக விற்றால் நமக்கு 132. வெளியீட்டு விழாவிலோ தெரிந்தவர்களுக்கோ நேரடியாக 10 சதவீதம் தள்ளுபடியில் விற்றால் 198. விற்கும் 240இல் பாதி நேரடியாகப் போனால் சராசரி 165 ரூபாய், அடக்க விலையைத் தாண்டிவிட்டோம். 60 மட்டுமே நேரடி என்றால் சராசரி 148.50, மொத்தத்தில் 1,860 ரூபாய் நட்டம். நடுவில் எங்கே சமன் ஆகிறது என்று பார்த்தால், 89 பிரதிகளை நேரடியாக விற்றால் போட்ட பணம் திரும்பிவிடும்.

அப்புறம் நான் என்னையே கேட்டுக்கொண்டேன்: 89 பேரின் பெயரைத் தாளில் எழுத முடியுமா? எழுதிப் பார்த்தேன், முடிந்தது. அதனால் 220. உங்களால் நாற்பது பெயர்தான் எழுத முடிகிறது என்றால், விலையை ஏற்றுவதைவிட அட்டை ஓவியச் செலவையோ பிரதி எண்ணிக்கையையோ மறுபடி பாருங்கள்.

199, 249 போன்ற விலைகள் வேண்டாம். 220இல் பத்து சதவீதம் கழித்தால் 198, மேசையில் யாரும் திணறுவதில்லை. 199இல் கழித்தால் 179 ரூபாய் 10 காசு.

தபாலில் அனுப்பும்போது

160 பக்க டெம்மி புத்தகம் ஏறத்தாழ 190 கிராம் வரும், உறையோடு 210. அஞ்சல் துறை 2025 மே மாதம் புத்தகங்களுக்காகத் தொடங்கிய ஞான் போஸ்டில் 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. புத்தகத்தில் அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டும், விளம்பரம் இருக்கக் கூடாது. தள்ளுபடி தந்தால் தபால் செலவைத் தனியாகக் கேளுங்கள். தபால் இலவசம் என்றால் தள்ளுபடி தராதீர்கள். இரண்டையும் சேர்த்துத் தந்தால் 198 என்பது 170க்குப் பக்கத்தில் வந்துவிடும்.

பின்சேர்க்கை 1: புத்தகக் காட்சியில் ஒரு பதிப்பகத்தின் அரங்கில் பிரதிகளை வைத்த வாசகர் ஒருவர், எதிர்பார்த்ததைவிடக் குறைவாகப் பணம் வந்தது என்று எழுதியிருந்தார். சென்னைப் புத்தகக் காட்சியில் வாசகருக்கு 10 சதவீதம் தள்ளுபடி தருவது வழக்கம். அந்தப் பத்து யார் கணக்கில் போகிறது என்பதை முன்பே பேசிவிட வேண்டும். அரங்கத்தார் 35 சதவீதம் எடுத்து அதிலிருந்து வாசகருக்குத் தந்தால் 220க்கு நமக்கு 143. அந்தப் பத்தும் நம் தலையில் என்றால் 121. எனவே வேறொருவர் அரங்கில் விற்பதை நேரடி விற்பனை வரிசையில் எழுதாதீர்கள், அதுவும் கடைதான்.

பின்சேர்க்கை 2: விநியோகஸ்தர் 50 சதவீதம் கேட்கிறார், தரலாமா என்று இன்னொருவர் கேட்டார். 220இல் பாதி 110, நம் அடக்க விலை 156. பார்த்தவுடன் வேண்டாம் என்றுதான் தோன்றும். ஆனால் அட்டைக்கும் மெய்ப்புக்கும் கொடுத்த 12,000 ஏற்கெனவே போய்விட்டது, இன்னொரு பிரதி அடிப்பதால் அது கூடாது. மறுபடி ஒரு பிரதி அடித்து வீடு சேர்க்க ஆவது 85 ரூபாய்தான். 110 வந்தால் 25 மிஞ்சும். ஆகவே நீங்கள் போய்ச் சேர முடியாத ஊர்களுக்கு அவர் கொண்டுபோவார் என்றால் கொடுக்கலாம், 85க்குக் கீழே மட்டும் யாருக்கும் இறங்க வேண்டாம். அதே சமயம் உங்கள் ஊர்க் கடைக்கும் அவர் வழியாகவே போகும்படி ஒப்புக்கொள்ளாதீர்கள், அங்கே 132க்கு விற்கும் பிரதி 110க்குப் போகும். அவரிடம் முதல் தடவை இருபது பிரதி மட்டும் கொடுத்து, எத்தனை மாதத்தில் கணக்கு முடிப்பார், விற்காதவை திரும்பி வரும் செலவு யாருடையது என்ற இரண்டையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.