மொத்த ஸ்டேஷனரி விற்பனையில் தள்ளுபடிப் படிகளும் கொட்டேஷன் விதிகளும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பலரும் 5%, 10%, 15% என்று கண்ணுக்கு அழகான எண்களில்தான் தள்ளுபடிப் படிகளைப் போடுகிறார்கள். ஆனால் தள்ளுபடி விலையில் கழிந்தாலும் லாபத்திலிருந்துதான் போகிறது. 40க்கு விற்கும் நோட்டின் அடக்கவிலை 32 என்றால், கையில் நிற்பது 8. அதில் 5% தள்ளுபடி 2ஐ, அதாவது கால்வாசி லாபத்தை எடுத்துவிடும். 10% கொடுத்தால் பாதி லாபம் போய்விடும்.

இந்த நோட்டுக்கு 300 வாங்கினால் 5%, 600 வாங்கினால் 10% என்றும், தள்ளுபடி முழு எண்ணிக்கைக்கும் பொருந்தும் என்றும் வைத்துக்கொள்வோம். 570 நோட்டு தலா 38 வீதம் 21,660 ஆகிறது. 600 நோட்டு தலா 36 வீதம் 21,600தான். 30 நோட்டு கூடுதலாகக் கேட்டால் பில் 60 குறைகிறது என்பதை வாடிக்கையாளர் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. 569 முதல் 599 வரை எந்த எண்ணிக்கையிலும் இதே கதைதான்.

முழுப் பெட்டியாக மட்டுமே விற்றால் இது நேராகிவிடும் என்று தோன்றும். பெட்டிக்கு 60 நோட்டு என்றால் 600க்கு முந்தைய ஆர்டர் 540. அதன் பில் 20,520, முறையாகக் குறைவாகவே இருக்கிறது. ஆனால் லாபத்தைப் பாருங்கள்: 540க்கு 3,240, 600க்கு 2,400. இன்னொரு பெட்டி ஏற்றி அனுப்பி 840ஐ இழக்கிறீர்கள். 540இல் கிடைத்த லாபத்தைத் திரும்பத் தொட 810 நோட்டு, முழுப் பெட்டியாக என்றால் 840 நோட்டு விற்றாக வேண்டும். பில் தொகை கூடிக்கொண்டே போவதால் இந்தப் பள்ளம் விற்பனை அறிக்கையில் தெரியவே தெரியாது.

எனவே ஒவ்வொரு படியையும் இப்படிச் சோதிக்கலாம்: படிக்கு ஒரு பெட்டி முன்னால் கிடைக்கும் மொத்த லாபம், படியில் கிடைக்கும் மொத்த லாபத்தைவிடக் கூடுதலாக இருக்கக் கூடாது. 300க்கு 3%, 600க்கு 4% என்று மாற்றினால் 240இல் 1,920, 300இல் 2,040. 540இல் 3,672, 600இல் 3,840. எங்கும் இறக்கமில்லை. கூடுதல் எண்ணிக்கைக்கு மட்டும் தள்ளுபடி தரும் முறையிலும் பள்ளம் வராது. ஆனால் 10% என்று விளம்பரப்படுத்திய இடத்தில் வாடிக்கையாளர் கணக்குப் போட்டால் 600 நோட்டுக்கு அவருக்குக் கிடைத்தது சுமார் 2.5%தான், பேச்சு கசக்கும். சின்னப் படிகளை வெளிப்படையாகச் சொல்வதே மேல்.

அடுத்த தவறு, பில்லின் மொத்தத் தொகையைப் பார்த்து எல்லாச் சரக்குக்கும் ஒரே தள்ளுபடி தருவது. ஏ4 தாளில் லாபம் மெலிது, தொகையோ பெரிது. 20,000 பில்லில் 16,000 தாள், அதில் லாபம் 5% என்றால் 800. மீதி 4,000 பேனா, ஃபைல். அதில் 25% லாபம், 1,000. மொத்தம் 1,800. இந்தப் பில்லுக்கு 8% கொடுத்தால் 1,600 போய்விடும். மிஞ்சும் 200 ஏற்றுக்கூலிக்குக் காணாது. தாளுக்குத் தனி நிகரவிலை வையுங்கள். அதன் தொகை படியை எட்டுவதற்குக் கணக்கில் சேரட்டும், தள்ளுபடி மட்டும் தாளுக்குப் போக வேண்டாம். அப்போது தள்ளுபடி 320தான், கையில் 1,480 நிற்கும்.

கொட்டேஷனில் எழுதாமல் விட்டவைதான் பிறகு வம்பாகும். 600க்கு விலை வாங்கிக்கொண்டு, 120 வீதம் ஐந்து முறை எடுப்பது வழக்கமான உத்தி. ஒவ்வொரு முறையும் எடுத்து, கட்டி, அனுப்பும் செலவு உங்களுடையது. “இந்த விலை ஒரே ஆர்டர், ஒரே முகவரி, ஒரே தவணை டெலிவரிக்கு மட்டும், எண்ணிக்கை குறைந்தால் அந்த எண்ணிக்கைக்குரிய படியே பொருந்தும்” என்று ஒரு வரி போதும். ஆண்டு முழுக்கச் சிறுகச் சிறுக வாங்குபவருக்குத் தள்ளுபடி தர விரும்பினால், முன்கூட்டியே கழிக்காமல், இலக்கை எட்டிய பின் கிரெடிட் நோட்டாகக் கொடுங்கள்.

விலை செல்லும் காலத்தையும் தேதியாகவே எழுதுங்கள். உங்கள் சப்ளையர் உங்களுக்கு 10 நாள் விலை கொடுத்திருக்க, நீங்கள் வாடிக்கையாளருக்கு 30 நாள் கொடுத்தால், இடையில் ஏறும் விலை உங்கள் தலையில்தான். குறிப்பாகத் தாள் விலையில் இது சீக்கிரமே வெளிப்படும்.

கடைசியாக, தள்ளுபடியின் மேல் தள்ளுபடி. வியாபாரிகளுக்கு 10%, எண்ணிக்கைக்கு 4%, ரொக்கத்துக்கு 2% என்றால், கூட்டினால் 16%, ஒன்றன்பின் ஒன்றாகக் கழித்தால் சுமார் 15.3%. இரண்டுமே 20% லாபமுள்ள நோட்டுக்கு ஆபத்துதான். முதல் இரண்டில் எது பெரியதோ அது மட்டும் பொருந்தும் என்று வையுங்கள். ரொக்கத் தள்ளுபடி, பணம் உரிய தேதிக்குள் வந்த பிறகே. அடக்கவிலைக்கு மேல் இத்தனை சதவீதம் நிற்காத கொட்டேஷன் உரிமையாளர் ஒப்புதல் இல்லாமல் வெளியே போகாதபடி பில்லிங் மென்பொருளிலேயே தடுத்துவிட்டால், விற்பனையாளர் தொலைபேசியில் வாக்குக் கொடுப்பதும் தானாக நிற்கும்.