ஆற்றைக் கடக்கும் படகு: செங்கோணம் எந்த முனையில்?

ஆற்றைக் கடக்கும் படகைப் பற்றிய கணக்குகளில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை பெருக்கலிலோ வர்க்கமூலத்திலோ வருவதில்லை. திசைவேக முக்கோணத்தின் செங்கோணத்தைத் தவறான முனையில் வைப்பதால் வருகின்றன. அவ்வாறு கிடைக்கும் விடையும் பார்வைக்கு நம்பத்தகுந்த எண்ணாகவே இருக்கும். அதே சமன்பாட்டை இன்னொரு முறை போட்டுப் பார்த்தால் அதே தவறான எண்தான் மீண்டும் வரும். ஆகவே விடையைச் சரிபார்க்க, அது கிடைத்த வழியைச் சாராத வேறொரு வழி வேண்டும். அத்தகைய வழிகளை ஒரே ஒரு கணக்கைக் கொண்டு இங்கே படிப்படியாகப் பார்ப்போம்.

ஆற்றின் அகலம் 200 மீட்டர். இரு கரைகளும் நேராகவும் ஒன்றுக்கொன்று இணையாகவும் உள்ளன. நீரோட்டம் கரைக்கு இணையாக வினாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அசையாத நீரில் படகின் வேகம் வினாடிக்கு 2.5 மீட்டர். இதைக் கொண்டு இரண்டு கேள்விகள் கேட்கலாம். படகின் முன்முனையான அணியத்தை எதிர்க்கரைக்கு நேர்செங்குத்தாகத் திருப்பிச் செலுத்தினால் படகு எப்போது, எங்கே கரை சேரும் என்பது முதல் கேள்வி. புறப்பட்ட இடத்துக்கு நேர் எதிரே உள்ள துறையில் சென்று சேர வேண்டுமானால் அணியத்தை எத்திசையில் திருப்ப வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்பது இரண்டாவது கேள்வி.

படி 1: மூன்று திசைவேகங்களுக்கும் பெயரிடுங்கள்

எந்தச் சூத்திரத்தையும் எழுதுவதற்கு முன்னால், எந்தத் திசைவேகம் எதைச் சார்ந்து அளக்கப்பட்டது என்பதை எழுதிக்கொள்ள வேண்டும். படகின் திசைவேகத்தை நீரைச் சார்ந்து அளந்தால் அது v. இதன் அளவு 2.5, இதன் திசை அணியம் பார்க்கும் திசை. நீரின் திசைவேகத்தைக் கரையைச் சார்ந்து அளந்தால் அது u. இதன் அளவு 1.5, திசை கீழ்நோக்கிய ஓட்டத் திசை. படகின் திசைவேகத்தைக் கரையில் நிற்பவர் அளந்தால் அது w. படகு உண்மையில் செல்லும் பாதையின் திசைதான் இதன் திசை. இம்மூன்றையும் இணைப்பது ஒரே ஒரு வெக்டர் சமன்பாடு:

```
w = v + u
```

இது எண்களின் கூட்டல் அன்று. 2.5 உடன் 1.5 ஐக் கூட்டி 4 என்று எழுதுவது, படகு ஓட்டத்தோடு சேர்ந்து நேராகக் கீழ்நோக்கிச் செல்லும்போது மட்டுமே பொருந்தும். அப்போது படகு ஆற்றைக் கடக்கவே போவதில்லை.

படி 2: எந்த இரு அம்புகளுக்கு இடையே 90 பாகை என்று கேளுங்கள்

கணக்கின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. நீரோட்டமான u இன் திசை இரு கேள்விகளிலும் தெரிந்ததே. ஆனால் கரைக்குச் செங்குத்தாக இருப்பது எது என்பது கேள்விக்குக் கேள்வி மாறுகிறது. முதல் கேள்வியில் அணியம் செங்குத்தாக உள்ளது. அதாவது v உம் u உம் செங்கோணத்தில் உள்ளன, w கர்ணமாகிறது. இரண்டாவது கேள்வியில் பாதைதான் செங்குத்து. அதாவது w உம் u உம் செங்கோணத்தில் உள்ளன, v கர்ணமாகிறது. கேள்வியில் ‘நேராக’ என்ற சொல்லைக் கண்டதும், நேராக இருப்பது அணியமா பாதையா என்று நின்று பார்க்காமல் பிதாகரஸ் தேற்றத்துக்குள் இறங்கிவிடுவதுதான் குழப்பத்தின் தொடக்கம்.

படி 3: முதல் கேள்வி

அணியம் செங்குத்தாக இருப்பதால் ஆற்றைக் குறுக்கே கடக்கும் கூறு முழுமையாக 2.5 தான், நீரோட்டத்துக்குக் குறுக்குத் திசையில் கூறே கிடையாது. ஆகவே நேரம் 200 / 2.5 = 80 வினாடி. அந்த 80 வினாடியில் நீர் படகைக் கீழ்நோக்கி 1.5 × 80 = 120 மீட்டர் தள்ளிச் செல்கிறது. கரையில் நிற்பவருக்குத் தெரியும் வேகம் √(2.5² + 1.5²), அதாவது ஏறத்தாழ 2.92.

இந்த 2.92 ஐக் கொண்டு 200 ஐ வகுத்து 69 வினாடி என்று விடை எழுதுவோர் பலர். 2.92 என்பது சாய்ந்த பாதை நெடுக உள்ள வேகம். அதைக் கொண்டு வகுக்க வேண்டியது சாய்ந்த பாதையின் நீளத்தைத்தான். அந்த நீளம் √(200² + 120²), அதாவது 233.2 மீட்டர். அதை 2.915 ஆல் வகுத்தால் மீண்டும் 80 வினாடியே கிடைக்கும். 69 வினாடி தவறு என்பதை இன்னும் எளிதாகவும் காட்டலாம்: அந்த நேரத்தில் படகு குறுக்காகச் சென்றிருக்கக்கூடிய தொலைவு ஏறத்தாழ 172 மீட்டர்தான், கரை இன்னும் 28 மீட்டர் தள்ளி இருக்கும்.

படி 4: இரண்டாவது கேள்வியை வரைந்து தீருங்கள்

இதைச் சூத்திரத்தால் தீர்ப்பதற்கு முன் வரைபடத்தாளில் வரைவது நல்லது என்பது என் கருத்து. ஏனெனில் வரையும்போது செங்கோணத்தைத் தவறான முனையில் வைப்பது கடினம். வினாடிக்கு 1 மீட்டர் என்பதற்கு 4 செ.மீ. என்று அளவுத்திட்டம் எடுத்துக்கொள்ளுங்கள். O என்ற புள்ளியிலிருந்து ஓட்டத் திசையில் வலப்புறமாக 6 செ.மீ. நீளத்துக்கு OA என்ற அம்பை வரையுங்கள், இது u. O வழியாகக் கரைக்குச் செங்குத்தாகத் தாளின் மேற்புறம் நோக்கி ஒரு கோடு வரையுங்கள். w இக்கோட்டின் மேல்தான் அமைய வேண்டும், ஆனால் அதன் நீளம் இன்னும் தெரியாது. இனி கவராயத்தில் 10 செ.மீ. எடுத்து, A ஐ மையமாகக் கொண்டு வில் வரைந்தால் அது அந்தக் கோட்டை B இல் வெட்டும். AB என்பது v. OB என்பது w. OB ஐ அளந்தால் 8 செ.மீ. வரும், அதாவது வினாடிக்கு 2 மீட்டர். AB இடப்புறமாக, அதாவது ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. B இல் உள்ள கோணத்தைக் கோணமானியால் அளந்தால் ஏறத்தாழ 37 பாகை.

B இல் உள்ள அந்தக் கோணத்தை θ என்று கொண்டால், சூத்திரமும் இதையே சொல்கிறது:

```
sin θ = u / v = 1.5 / 2.5 = 0.6     θ ≈ 36.9°
w = √(2.5² − 1.5²) = 2.0
t = 200 / 2.0 = 100 s
```

படி 5: கரை நெடுகிலும் உள்ள கூறு சுழியாகிறதா?

இனி விடையைச் சரிபார்ப்போம். அணியத்தை ஓட்டத்துக்கு எதிராக, அதாவது மேல்பக்கமாக 36.9 பாகை திருப்பினால், நீரைச் சார்ந்த வேகத்தின் மேல்நோக்கிய கூறு 2.5 × 0.6 = 1.5. நீரோட்டம் கீழ்நோக்கி 1.5. இரண்டும் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன. குறுக்குக் கூறு 2.5 × 0.8 = 2.0. நேர் எதிரே சேர வேண்டும் என்ற நிபந்தனை நிறைவேறுகிறது.

இதே சோதனையைத் தவறான விடைக்கும் செய்து பார்க்கலாம். செங்கோணம் v க்கும் u க்கும் இடையே இருப்பதாக எண்ணி tan θ = 0.6 என்று எழுதினால் கோணம் 31 பாகை வரும். அப்போது மேல்நோக்கிய கூறு 1.29 மட்டுமே, நீரோட்டத்தில் 0.21 மிச்சமாகிவிடும். குறுக்குக் கூறு 2.14 என்பதால் கடக்கும் நேரம் சுமார் 93 வினாடி. அதற்குள் படகு துறையைத் தவறவிட்டு ஏறத்தாழ 20 மீட்டர் கீழே போய்ச் சேரும். 31 க்கும் 37 க்கும் இடையே உள்ள வேறுபாடு தாளில் சிறியதாகத் தோன்றினாலும் ஆற்றில் அது 20 மீட்டர்.

படி 6: மிதக்கும் கட்டையிலிருந்து பாருங்கள்

கோணத்தையே தொடாமல் சரிபார்க்க இன்னொரு வழி உண்டு. படகு புறப்படும் கணத்தில் அதன் அருகே ஒரு மரக்கட்டையை நீரில் விட்டதாகக் கொள்ளுங்கள். கட்டை நீரோடு செல்வதால், அதன் மேல் அமர்ந்து பார்ப்பவருக்கு நீர் அசையாமல் இருப்பதாகவே தோன்றும்; படகு எத்திசையில் சென்றாலும் அவரைவிட்டு வினாடிக்கு 2.5 மீட்டர் வீதம் நேர்கோட்டில் விலகிச் செல்லும்.

இரண்டாவது கேள்வியின் விடைப்படி 100 வினாடி ஆகிறது. கட்டை அதற்குள் 150 மீட்டர் கீழே சென்றிருக்கும். படகு புறப்பட்ட இடத்துக்கு நேர் எதிரே 200 மீட்டரில் இருக்கும். இரண்டுக்கும் இடைத்தொலைவு √(200² + 150²) = 250 மீட்டர். நீரைச் சார்ந்து படகு சென்ற தொலைவு 2.5 × 100 = 250 மீட்டர். இரண்டும் ஒத்துப்போகின்றன. 31 பாகை விடைக்கு இதைச் செய்தால், 93.3 வினாடியில் கட்டை 140 மீட்டர் சென்றிருக்கும். படகு நேர் எதிரே சேர்ந்ததென்றால் இடைத்தொலைவு 244 மீட்டர் ஆக வேண்டும். படகோ நீரில் 233 மீட்டர்தான் சென்றிருக்க முடியும். விடை அங்கேயே உடைந்துவிடுகிறது.

படி 7: எல்லைகளைத் தொட்டுப் பாருங்கள்

நீரோட்டம் இல்லையென்றால் இரு கேள்விகளுக்கும் விடை 80 வினாடிதான். ஓட்டம் வந்த பின் நேர் எதிரே செல்வதற்கு 80 ஐவிடக் குறைவான நேரம் யாருக்காவது கிடைத்தால், எதிர்த்துச் செலுத்தப்படும் படகு விரைவாகக் கடக்கிறது என்று அவர் சொல்வதாகிவிடும். நீரோட்டம் வினாடிக்கு 3 மீட்டராக உயர்ந்தால் sin θ = 1.2 என்று வரும். கணிப்பான் பிழைச்செய்தி காட்டும். கணக்கில் தவறில்லை, அந்த ஆற்றில் நேர் எதிரே சேரவே முடியாது என்பதுதான் அதன் பொருள். வரைபடத்தில் 10 செ.மீ. வில், செங்குத்துக் கோட்டை எட்டாமலே நின்றுவிடும். வேகமான ஆற்றில் பரிசல் ஓட்டுபவர்கள் பரிசலைக் கரையோரமாகவே மேல்பக்கம் சுமந்து சென்று, அடித்துச் செல்லப்படும் தொலைவைக் கணித்துக் கொண்டு நீரில் இறக்குவது இதற்காகத்தான்.

ஓட்டம் ஒரே சீராக இல்லாதபோது

உண்மையான ஆற்றில் நீர் நடுவில் விரைவாகவும் கரையோரம் மெதுவாகவும் செல்கிறது. கரையில் சுழியாகத் தொடங்கி நடுவில் 1.5 ஐ எட்டும் பரவளைய வடிவில் ஓட்டம் இருப்பதாகக் கொண்டால், அகலம் முழுவதற்குமான சராசரி அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 1.0. முதல் கேள்வியில் கடக்கும் நேரம் மாறாமல் 80 வினாடியாகவே இருக்கும். படகு தள்ளப்படும் தொலைவு மட்டும் 120 மீட்டரிலிருந்து 80 மீட்டராகக் குறையும்.

இரண்டாவது கேள்வியில், அணியத்தின் கோணத்தை வழியில் மாற்றுவதில்லை என்று வைத்துக்கொண்டால் sin θ = 1.0 / 2.5, கோணம் சுமார் 23.6 பாகை, நேரம் ஏறத்தாழ 87 வினாடி. இங்கே கட்டைச் சோதனை பயன்படாது. ஆற்றின் வெவ்வேறு இடங்களில் விடப்படும் கட்டைகள் வெவ்வேறு வேகத்தில் செல்லும். கூறுகளைத்தான் நம்ப வேண்டும். கரையோரம் மேல்நோக்கிய கூறான 1.0 ஓட்டத்தை மிஞ்சுவதால் படகு முதலில் மேலே ஏறும். நடுப்பகுதியில் ஓட்டம் மிஞ்சுவதால் கீழே இறங்கும். எதிர்க்கரையை நெருங்கும்போது மீண்டும் மேலே ஏறித் துறையைச் சேரும். ஓட்டம் இருபுறமும் சமச்சீராக இருப்பதால், ஆற்றின் சரிநடுவில் படகு புறப்பட்ட இடத்துக்கும் துறைக்கும் இடையிலான நேர்கோட்டின் மேலேயே இருந்தாக வேண்டும். உங்கள் கணக்கில் அந்தக் கணத்தில் அது கோட்டைவிட்டு விலகியிருந்தால், சராசரி எடுத்த இடத்தைத் திரும்பிப் பாருங்கள்.