கார்டில் 170, கம்ப்யூட்டரில் 38: கேமரா கார்டிலிருந்து போட்டோ காப்பி ஆக ஏன் இவ்வளவு நேரம்?

கல்யாண சீசனில் போட்டோ எடுப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது: "கார்டு மேல 170 எம்பின்னு போட்டிருக்கு. லேப்டாப்ல 38-க்கு மேல ஏறவே மாட்டேங்குது. கடைக்காரன் டூப்ளிகேட் குடுத்துட்டானாண்ணே?"

பெரும்பாலும் கார்டு ஒரிஜினல்தான். கோளாறு வேறு இடத்தில் இருக்கும். அது எங்கே என்பதை, காப்பி ஆகும்போது திரையில் தெரியும் அந்த எண்ணே முக்கால்வாசி சொல்லிவிடும். 38 என்று நின்றால் ஒரு காரணம், 90 என்று நின்றால் இன்னொரு காரணம், 200-ல் தொடங்கி 60-க்கு இறங்கினால் மூன்றாவது காரணம். இதைப் பார்க்காமல் புதுக் கார்டு வாங்குவதுதான் முதல் தவறு.

கணக்குக்கு ஒரு முகூர்த்தத்தை எடுத்துக்கொள்வோம். 2,000 ரா படங்கள், ஒன்று சுமார் 25 எம்பி. மொத்தம் 50 ஜிபி. நொடிக்கு 38 எம்பி வேகத்தில் இது காப்பி ஆக 22 நிமிடம் பிடிக்கும். 90 எம்பியில் ஒன்பது நிமிடம் சொச்சம். 250 கிடைத்தால் மூன்றரை நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். கார்டு, ரீடர், அது செருகியிருக்கும் போர்ட், படம் போய்ச் சேரும் டிஸ்க் என்ற நான்கில் எது மிக மெதுவோ அந்த வேகம்தான் மொத்தத்துக்கும் கிடைக்கும். மற்ற மூன்றுக்கும் எவ்வளவு செலவழித்தாலும் அது மாறாது.

கார்டின் மேல் இருக்கும் குறிகளைத் தப்பாகப் படிப்பது

ஒரு எஸ்டி கார்டில் நாலைந்து குறிகள் நெருக்கியடித்து அச்சாகியிருக்கும். வட்டத்துக்குள் 10, யூ எழுத்துக்குள் 3, பக்கத்தில் வி30, ஓரத்தில் பொடியாக ஒரு ரோமன் எண், எல்லாவற்றுக்கும் மேலே பெரிதாக 170. இவை எல்லாம் ஒரே விஷயத்தைச் சொல்வதில்லை.

கிளாஸ் 10, யூ3, வி30 ஆகியவை கார்டில் எழுதும் வேகத்துக்கான உத்தரவாதம். வீடியோ ஓடும்போது எந்த நொடியிலும் இதற்குக் கீழே இறங்காது என்பதுதான் அதன் பொருள். கிளாஸ் 10, யூ1, வி10 மூன்றுமே நொடிக்கு 10 எம்பி. யூ3, வி30 இரண்டும் 30 எம்பி. கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்குப் படிக்கும் வேகத்தைப் பற்றி இவை எதுவும் பேசுவதில்லை. பெரிதாக அச்சிட்ட 170 தான் படிக்கும் வேகம். அதுவும் 'அதிகபட்சம்' என்ற நிபந்தனையோடு, கம்பெனி சோதனைக்கூடத்தில் வாங்கிய எண்.

காப்பி வேகமாக ஆகட்டும் என்று வி90 கார்டு வாங்குபவர்கள் உண்டு. பழைய ரீடரிலேயே செருகினால் அந்தக் காசு வீண்தான். வீடியோவுக்காக என்றாலும் ஒரு நிமிடம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கேமராவில் 4கே பதிவு 100 மெகாபிட் என்று இருந்தால், எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 எம்பிதான். அதற்கு வி30 தாராளம். பிட்டையும் பைட்டையும் குழப்பிக்கொண்டு எட்டு மடங்கு வேகம் தேவை என்று நினைத்து வாங்குவதுதான் இங்கே நடப்பது.

காப்பிக்கு நிஜமாகவே முக்கியமான குறி, யாரும் கவனிக்காத அந்தச் சின்ன ரோமன் எண். கார்டும் ரீடரும் எந்த வேகத் தரத்தில் பேசிக்கொள்ளும் என்பதை அதுதான் சொல்கிறது: ஒரு கோடு இருந்தால் யூஹெச்எஸ்-1, இரண்டு கோடு இருந்தால் யூஹெச்எஸ்-2. யூ எழுத்துக்குள் இருக்கும் 1, 3-ஐ இதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. சந்தேகம் இருந்தால் கார்டைத் திருப்பிப் பாருங்கள். தங்க நிறக் காண்டாக்ட்கள் ஒரே வரிசையாக ஒன்பது இருந்தால் யூஹெச்எஸ்-1 அல்லது அதைவிடப் பழையது. அதற்குக் கீழே இன்னொரு வரிசையில் எட்டு இருந்தால் யூஹெச்எஸ்-2. லேபிளில் என்ன அச்சிட்டிருந்தாலும் இந்த இரண்டாவது வரிசை இல்லாமல் யூஹெச்எஸ்-2 கிடையாது.

90-ல் நிற்பதைக் கோளாறு என்று நினைப்பது

யூஹெச்எஸ்-1 தரத்தின் உச்சவரம்பு நொடிக்கு 104 எம்பி. நடைமுறையில் 90, 95 கிடைத்தாலே நல்ல வேகம். அப்படியானால் யூஹெச்எஸ்-1 கார்டில் 170, 200 என்று எப்படிப் போடுகிறார்கள்? சில கம்பெனிகள் தரத்துக்கு வெளியே, சொந்தமாக ஒரு வேகமான முறையைக் கார்டில் வைத்திருக்கின்றன. அதைப் புரிந்துகொள்ளும் ரீடரில் போட்டால்தான் அந்த வேகம் வரும். மற்ற ரீடரில் அதே கார்டு பேசாமல் 90-க்கு வந்துவிடும். எண் பொய்யில்லை, ஆனால் நிபந்தனை அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. என்னைக் கேட்டால் இது விற்பனைத் தந்திரத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும் சமாச்சாரம்.

யூஹெச்எஸ்-2 கார்டின் உச்சவரம்பு 312 எம்பி. ஆனால் ரீடரிலும் அந்த இரண்டாவது வரிசைக்கான ஊசிகள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விலை உயர்ந்த கார்டும் 90-லேயே நிற்கும். ரீடரின் பெட்டியில் 'யுஎஸ்பி 3.0' என்று இருப்பது இதற்கு உத்தரவாதம் ஆகாது. யூஹெச்எஸ்-2 என்று தனியாகப் போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ட்ரோனிலிருந்து எடுத்த மைக்ரோ எஸ்டி கார்டை அடாப்டரில் போட்டுச் செருகும்போதும் இதே கதை. சாதாரண அடாப்டரில் ஒரு வரிசைதான் உண்டு.

35-லிருந்து 40-க்குள் அசையாமல் நின்றால்

இந்த எண்ணைப் பார்த்ததும் கார்டை மறந்துவிடலாம். இது யுஎஸ்பி 2.0-வின் அடையாளம். அதன் ஏட்டுக் கணக்கு 480 மெகாபிட், அதாவது 60 எம்பி. கையில் கிடைப்பது முப்பத்தைந்து, நாற்பதுதான். எங்கோ ஓரிடத்தில் பழைய யுஎஸ்பி ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

ரீடரிலிருந்து தொடங்குங்கள். நீலப் பிளாஸ்டிக்கைப் பார்த்து 3.0 என்று நம்ப வேண்டாம். மலிவு ரீடர்களில் நீல நிறம் மட்டும் வந்துவிடும், உள்ளே ஒன்றும் இருக்காது. பிளக்கின் வாய்க்குள் பாருங்கள். முன்னால் நான்கு பட்டையான காண்டாக்ட் மட்டும் இருந்தால் 2.0. அதற்குப் பின்னால் உள்ளே தள்ளி இன்னும் ஐந்து சின்னதாகத் தெரிந்தால்தான் 3.0. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நல்ல 3.0 பிளக்கை மெல்ல மெல்லச் செருகினால் முன்னால் இருக்கும் நான்கு முதலில் பட்டு, கம்ப்யூட்டர் அதை 2.0 ஆகவே ஏற்றுக்கொள்வது உண்டு. கழற்றி, ஒரே மூச்சில் செருகினால் சரியாகிவிடும்.

ரீடர் சரி என்றால் அடுத்து போர்ட். டெஸ்க்டாப் கேபினெட்டின் முன்பக்கம் இருப்பதை விட்டுவிட்டு, பின்னால் மதர்போர்டில் இருக்கும் போர்ட்டில் செருகிப் பாருங்கள். நடுவில் ஹப் இருந்தால் எடுத்துவிடுங்கள். ரீடரைத் தனி கேபிளில் இணைத்திருந்தால், போன் சார்ஜர் கேபிளை மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். டைப்-சி என்பது பிளக்கின் வடிவம் மட்டுமே. சார்ஜருடன் வரும் டைப்-சி கேபிள்களில் பெரும்பாலும் 2.0 வயர்கள்தான் இருக்கும். லேப்டாப்பின் பக்கவாட்டில் இருக்கும் எஸ்டி ஸ்லாட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. பல மாடல்களில் அது உள்ளுக்குள் யுஎஸ்பி 2.0-வில்தான் இணைந்திருக்கிறது.

கண்ணால் பார்த்துத் தீராவிட்டால் கம்ப்யூட்டரையே கேட்கலாம். லினக்ஸில் இந்தக் கட்டளை போதும்:

```
lsusb -t
```

ரீடரின் வரி இப்படி முடிந்தால் 2.0 வேகத்தில் மாட்டியிருக்கிறது என்று அர்த்தம்:

```
Class=Mass Storage, Driver=usb-storage, 480M
```

அதே இடத்தில் `5000M` என்று இருந்தால் ரீடரும் போர்ட்டும் 3.0 வேகத்தில் பேசிக்கொள்கின்றன. மேக்கில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் யுஎஸ்பி பகுதியைத் திறந்தால் இதே 480, 5 ஜிகாபிட் விவரம் தெரியும்.

கேமராவையே கேபிளில் இணைத்துப் படங்களைக் கம்ப்யூட்டருக்கு இறக்குபவர்களுக்கும் இதே பதில்தான். பழைய கேமராக்களிலும் குறைந்த விலை மாடல்களிலும் யுஎஸ்பி 2.0 தான் உண்டு. போதாததற்குப் பாதியில் பேட்டரி தீர்ந்துவிடும்.

படம் போய்ச் சேரும் டிஸ்க்கை மறப்பது

காப்பி 200-ல் ஜோராகத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் 80-க்கோ 60-க்கோ இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொண்டால் குற்றவாளி கார்டு அல்ல, டிஸ்க். ஆரம்பத்தில் தெரிந்தது விண்டோஸ் ரேமில் வாங்கி வைத்துக்கொண்ட வேகம். ரேமில் இடம் தீர்ந்ததும் டிஸ்க்கின் உண்மை நிலவரம் தெரிகிறது. லேப்டாப்பில் இருக்கும் 5,400 சுழற்சி ஹார்ட் டிஸ்க் நொடிக்கு நூறு எம்பியை ஒட்டித்தான் எழுதும். டிஸ்க் நிரம்ப நிரம்ப அதுவும் குறையும். அப்போது யூஹெச்எஸ்-2 கார்டும் ரீடரும் இருந்தும் நம் 50 ஜிபிக்கு எட்டு நிமிடத்துக்கு மேல்தான் ஆகும். காப்பி நடக்கும்போது டாஸ்க் மேனேஜரில் அந்த டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா என்று பார்த்தால் விஷயம் உறுதியாகிவிடும். முதலில் எஸ்எஸ்டிக்கு இறக்கிவிட்டு, அங்கிருந்து எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குக்கு அனுப்பினால் கார்டு சீக்கிரம் விடுபடும்.

எடிட்டிங் மென்பொருளில் நேரடியாக இம்போர்ட் செய்வதும் மெதுவாகத் தெரியும். அது காப்பி செய்வதோடு நிற்காமல் ஒவ்வொரு படத்துக்கும் பிரிவியூ தயாரித்துக்கொண்டிருக்கும். வெறும் காப்பியை முதலில் முடித்துவிட்டு, பிறகு அந்த போல்டரைச் சேர்ப்பது நல்லது.

எண் நிற்கவே இல்லை என்றால்

90, 12, 0, மறுபடி 85 என்று ஏறி இறங்கி, ஒரு குறிப்பிட்ட படத்தில் வந்து திணறினால் மட்டும் கார்டைச் சந்தேகப்படுங்கள். படிக்க முடியாத இடத்தை அது திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கிறது. கார்டைக் கழற்றி, காண்டாக்ட்களைக் காய்ந்த மெல்லிய துணியால் துடைத்து, வேறு ரீடரில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் அதே படத்தில் திணறினால் அதை விட்டுவிட்டு மற்றவற்றை முதலில் காப்பாற்றுங்கள். அந்தக் கார்டை மறுபடி முகூர்த்தத்துக்கு எடுத்துப் போகாதீர்கள்.

இந்த நிலையில் 'கட்' செய்து 'பேஸ்ட்' செய்வது மகா தவறு. கட் செய்தால் ஒவ்வொரு படமும் போய்ச் சேர்ந்ததும் கார்டிலிருந்து அழிந்துவிடும். பாதியில் ஏதாவது நின்றால் எது எங்கே இருக்கிறது என்று தெரியாது. போய்ச் சேர்ந்த படம் திறக்காவிட்டால் மூலமும் இருக்காது. எப்போதும் காப்பி மட்டும். இரண்டு பக்கமும் பைல்களின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, இரண்டாவது டிஸ்க்கிலும் ஒரு பிரதி போட்ட பிறகு கார்டை கேமராவிலேயே ஃபார்மட் செய்யலாம்.

நிஜமாகவே டூப்ளிகேட்டா என்ற சந்தேகம் வந்தால் வேகத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம். போலிக் கார்டில் முக்கியப் பொய் வேகமல்ல, கொள்ளளவு. 64 ஜிபி என்று காட்டும், உள்ளே 8 தான் இருக்கும். விண்டோஸில் `H2testw`, லினக்ஸிலும் மேக்கிலும் `f3` என்ற இலவசக் கருவிகள் கார்டு முழுவதும் எழுதி, திரும்பப் படித்துப் பார்த்துச் சொல்லிவிடும். காலிக் கார்டில் மட்டும் செய்யுங்கள், வாங்கிய அன்றே செய்தால் கடைக்காரரிடம் மாற்றவும் முடியும்.