சொல்லை மாற்றினால் போதுமா? முதல் ஆய்வுப் பணியில் அறியாமல் நேரும் எழுத்துத் திருட்டு

சுங்கை சிப்புட்டில் ஒரு கோயில் மண்டபத்தில் ஞாயிறு காலையில் ஆறாம் படிவ மாணவர்களின் பாடப்பணிகளைப் படித்துத் திருத்திக் கொடுப்பது சில ஆண்டுகளாக எனக்கு வழக்கமாகிவிட்டது. தெரிந்தே அடுத்தவர் எழுத்தைத் தூக்கிப் போடுகிற பிள்ளையை நான் அதிகம் கண்டதில்லை. நான் மீண்டும் மீண்டும் காண்பது வேறு வகை. நூலகத்துக்குப் போய், நூலைத் தேடி எடுத்து, குறிப்பெழுதி, கடைசியில் நூலின் பெயரையும் ஒழுங்காகப் போட்ட பிள்ளை, அத்தனை உழைப்புக்குப் பிறகும் எழுத்துத் திருட்டு என்ற குற்றச்சாட்டுக்கு இடம் கொடுத்து நிற்கும். எங்கே சறுக்கியது என்பது அதற்கே தெரியாது.

அண்மையில் ஒரு மாணவி தோட்டத் துண்டாடல் பற்றி எழுதிக்கொண்டு வந்தார். படித்தது ஆங்கில நூல், எழுதியது மலாய்மொழியில். வாசகர் வசதிக்காக இரண்டையும் இங்கே தமிழில் தருகிறேன். மூல வாக்கியத்தை அந்த நூலிலிருந்து எடுக்காமல், அதே போக்கில் நானே அமைத்திருக்கிறேன்.

மூலம் இப்படி இருந்தது என்று வைத்துக்கொள்வோம்: "1950-களின் பிற்பகுதியில் வெளிநாட்டு முதலாளிகள் பலர் தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டு வெளியேறினர், அவற்றை வாங்கிய இடைத்தரகர்கள் நிலத்தைச் சிறு துண்டுகளாக்கி மறுவிற்பனை செய்ததால், தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்த தொழிலாளர்கள் பலர் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தனர்."

மாணவி எழுதியது: "ஐம்பதுகளின் இறுதியில் அந்நிய நிறுவனத்தார் பலர் தம் எஸ்டேட்டுகளை விற்றுவிட்டுத் தாயகம் திரும்பினர், அவற்றை வாங்கிய தரகர்கள் நிலத்தைச் சிறு பகுதிகளாக்கித் திரும்ப விற்றதால், பரம்பரையாக அங்கே குடியிருந்த பாட்டாளிகள் தொழிலையும் குடியிருப்பையும் ஒரே நேரத்தில் இழந்தனர்."

பெரும்பாலான சொற்கள் மாறியிருக்கின்றன. ஆனாலும் இது மாணவியின் வாக்கியம் அன்று. காலம், விற்றவர், வாங்கியவர், செய்த செயல், அதனால் வந்த விளைவு என்று மூலத்தில் எந்த வரிசையில் செய்தி வந்ததோ அதே வரிசையில்தான் இங்கேயும் வருகிறது. காற்புள்ளிகூட அதே இடத்தில் நிற்கிறது. எழுத்துக் கல்வியை ஆராய்ந்த ரெபெக்கா மூர் ஹோவர்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990-களில் இந்தப் பழக்கத்துக்குத் தனியாக ஒரு பெயர் வைத்தார். தமிழில் அதை ஒட்டுப்போட்ட எழுத்து எனலாம். மூலத்திலிருந்து சில சொற்களை நீக்கி, இலக்கண அமைப்பைச் சற்றே திருப்பி, ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல்லை மாற்றி வைப்பதே அது. பழகாத துறையில் முதன்முதலாக எழுதும் எவரும் இதில் விழுவது இயல்பு என்பதும், இதை ஏமாற்று வேலையாகப் பார்க்காமல் கற்கும் கட்டத்தின் அடையாளமாகப் பார்க்க வேண்டும் என்பதும் அவருடைய வாதம். நான் அதை ஏற்கிறேன். ஆனால் மதிப்பெண் போடுகிறவர் எல்லாரும் ஏற்பார்கள் என்று நம்பி ஒரு மாணவர் பணியைச் சமர்ப்பிக்க முடியாது.

இதில் இன்னொரு சேதமும் உண்டு. அதைப் பெரும்பாலும் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஒத்த சொல் தேடும் அவசரத்தில் பொருளே மாறிவிடுகிறது. மூலத்தில் "வெளியேறினர்" என்று மட்டுமே இருந்தது. மாணவி அவர்களைத் தாயகத்துக்கே அனுப்பிவிட்டார். மூலம் "தொழிலாளர்கள் பலர்" என்றது. மாணவியின் வாக்கியத்தில் "பலர்" விழுந்துவிட்டதால் எல்லாருமே வேலை இழந்ததாக ஆகிவிட்டது. வாக்கியத்தின் இறுதியில் அடைப்புக்குறிக்குள் நூலாசிரியர் பெயரும் ஆண்டும் இருந்தன. ஆகவே அவர் சொல்லாத இரண்டு செய்திகள் அவர் பெயரில் ஏறிவிட்டன. ஒரே வாக்கியத்தில் ஆசிரியரின் நடையை எடுத்துக்கொண்டதும் அவர் கருத்தைத் திரித்ததும் சேர்ந்து நடந்திருக்கின்றன.

இதன் வேரைத் தேடினால் அது எழுதும் மேசையில் இல்லை, குறிப்பேட்டில் இருக்கிறது. அந்த மாணவியின் குறிப்பேட்டைப் பார்த்தேன். நூலின் வாக்கியங்கள் சில அப்படியே, சில பாதியாக, நடுநடுவே அவருடைய சொந்த எண்ணங்கள். எல்லாம் ஒரே நீல மையில், மேற்கோள்குறி இல்லாமல், பக்க எண் இல்லாமல். மூன்று வாரம் கழித்து அதைப் புரட்டும்போது எது யாருடையது என்று எழுதியவருக்கே தெரியாமல் போகிறது. ஆகவே குறிப்பெடுக்கும் அந்த நொடியிலேயே, நூலின் சொல்லை அப்படியே எழுதினால் மேற்கோள்குறியைப் போட்டுப் பக்க எண்ணையும் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். தன் எண்ணத்தை வேறு மையில் எழுத வேண்டும். பக்க எண்ணைப் பிறகு தேடிக்கொள்ளலாம் என்று விட்டால், நூலை நூலகத்தில் திருப்பிக் கொடுத்த பிறகு அதற்காகவே ஈப்போ வரை பேருந்து ஏற வேண்டியிருக்கும்.

பிறகு என்ன செய்தோம் என்று சொல்கிறேன். நூலை மூடச் சொன்னேன். அந்தப் பக்கம் என்ன சொல்கிறது என்று, வீட்டில் பாட்டியிடம் சொல்வதுபோல் தமிழில் சொல்லச் சொன்னேன். "தோட்டத்தை வாங்குனவங்க அத நடத்தாம கூறுபோட்டு வித்துட்டாங்க, அதனால நெறைய பேருக்கு வேலையும் போச்சு, வீடும் போச்சு" என்றார். செய்தியின் வரிசை தானாகவே மாறிவிட்டது. எது முக்கியம் என்று அவருக்குப் பட்டதோ அது முன்னுக்கு வந்துவிட்டது. அதிலிருந்து அவர் எழுதிய புதிய பத்தி இது:

"துண்டாடலால் வந்த இழப்பு இரட்டையானது என்பதை நூலாசிரியர் (ஆண்டு, ப. 48) எடுத்துக்காட்டுகிறார். வெளிநாட்டவர் விட்டுச்சென்ற தோட்டங்கள், கூறுபோட்டு விற்கும் நோக்கத்துடனே வாங்கப்பட்டன. அதனால் தொழிலாளர் பலருக்குக் கூலியோடு கூரையும் போயிற்று. எங்கள் வட்டாரத்திலும் இவ்விரு இழப்புகளும் ஒரே காலத்தில் நேர்ந்தனவா என்பதை இப்பகுதியில் ஆராய்கிறேன்."

மூலத்தைத் திறந்து வரிக்கு வரி ஒப்பிட்டோம். இந்த ஒப்பீட்டை விட்டுவிட்டால் நூலை மூடி எழுதுவதில் பாதிப் பயன்தான் கிடைக்கும். "நோக்கத்துடனே" என்பது மூலத்தில் இல்லை. வாங்கியவர்கள் துண்டாக்கி விற்றார்கள் என்றுதான் அது சொல்கிறது, எந்த எண்ணத்தோடு வாங்கினார்கள் என்று சொல்லவில்லை. அதை "பின்னர் கூறுபோட்டு விற்கப்பட்டன" என்று திருத்தினோம். மற்றவை நின்றன.

மேற்கோள் சுட்டும் இடத்தையும் கவனிக்க வேண்டும். ஐந்து வாக்கியம் எழுதிவிட்டு இறுதிப்புள்ளிக்கு முன்னால் ஒரே ஓர் அடைப்புக்குறி போடுவது மாணவர்களிடம் பரவலாக உள்ள பழக்கம். கடைசி வாக்கியத்துக்கு மட்டும் அது சான்றா, ஐந்துக்குமா என்று படிப்பவருக்குப் புலப்படாது. மேலே உள்ள பத்தியில் ஆசிரியர் பெயர் முதலிலேயே வந்துவிடுகிறது. "எங்கள் வட்டாரத்திலும்" என்ற தொடக்கம், அவர் பேச்சு அதற்கு முன்பே முடிந்துவிட்டதைக் காட்டுகிறது. அடைப்புக்குறி பத்தியின் கடைசியில் இருந்திருந்தால் மாணவியின் சொந்த ஆய்வுக் கேள்விகூட நூலாசிரியருடையதாகத் தோன்றியிருக்கும். மேற்கோள் சுட்டும் முறைகளுள் ஒன்றான ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பின்படி, சொந்தச் சொல்லில் எழுதியதற்குப் பக்க எண் கட்டாயமில்லை. மேற்கோள்குறிக்குள் அப்படியே எடுத்ததற்குக் கட்டாயம். ஆயினும் முதல் பணி எழுதுகிறவர் எல்லாவற்றுக்கும் பக்க எண் போடுவது நல்லது என்பேன், சரிபார்க்கும்போது அவருக்கே அது உதவும்.

நம் பிள்ளைகளுக்கே உரிய ஒரு தவறு மொழிபெயர்ப்பில் இருக்கிறது. ஆங்கிலத்தில் படித்து மலாயில் எழுதும்போது, மொழியே மாறிவிட்டதால் இது இனி என் எழுத்துத்தானே என்ற எண்ணம் வந்து, மூலத்தைச் சுட்டாமலே விட்டுவிடுகிறார்கள். நாமே செய்த மொழிபெயர்ப்பை ஏ.பி.ஏ. முறை மேற்கோளாகக் கொள்வதில்லை. சொந்தச் சொல்லில் எழுதியதாகவே கொள்கிறது. எனவே மேற்கோள்குறி வேண்டாம். மூலத்தைச் சுட்டுவது மட்டும் எந்நிலையிலும் வேண்டும். சுட்டிவிட்டாலும், பக்கம் பக்கமாக மொழிபெயர்ப்பே நிறைந்திருந்தால் அங்கே ஆய்வு என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. டர்னிட்டின் போன்ற மென்பொருளின் விழுக்காட்டைப் பார்த்து மனநிறைவு கொள்வதும் இதனால்தான் ஆபத்து. அது எழுத்துகள் எங்கெங்கே ஒத்துப்போகின்றன என்று காட்டுமே தவிர, திருட்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லாது. வரிக்கு வரி மொழிபெயர்த்த பத்தி அதன் கண்ணில் படாமலே போகலாம். முறையாக மேற்கோள்குறியிட்டுச் சுட்டிய பத்தியோ விழுக்காட்டைக் கூட்டிவிடலாம்.

இணையக் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, அதன் அடிக்குறிப்பில் உள்ள நூலைத் தாமே படித்ததுபோல் பட்டியலில் சேர்ப்பதும் கூடாது. படித்தது எதுவோ அதுவே பட்டியலில் வர வேண்டும். மூல நூலின் பெயர், எதன் வழியாகக் கிடைத்தது என்ற குறிப்போடு பத்தியில் மட்டும் வரலாம்.

மாணவியின் தாத்தா பால்மரம் வெட்டியவர். அவரிடம் எடுத்த பேட்டியைக் கடைசிப் பட்டியலில் நூல்களுக்கு நடுவே ஒரு வரியாகச் சேர்த்திருந்தார். ஏ.பி.ஏ. முறையில் ஆய்வுக்காகவே எடுத்த பேட்டி ஆய்வாளர் சேகரித்த தரவு. அதற்குப் பட்டியலில் இடமில்லை. யாரைப் பேட்டி கண்டேன், எப்போது, எங்கே, என்ன கேட்டேன் என்பதை ஆய்வு முறை பற்றிய பகுதியில் எழுதிவிட்டு, பெரியவரின் சொற்களை மேற்கோள்குறிக்குள் "பேட்டியளித்தவர் 1" என்பது போன்ற அடையாளத்தோடு தந்தால் போதும். தாத்தா அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது "தோட்டத்த ரொட்டி மாதிரி அறுத்துட்டாங்க" என்று சொல்லியிருக்கிறார். மாணவிக்கு அந்த உவமை பிடித்துப்போய், முன்னுரையில் தன் வாக்கியமாகவே அதை எழுதியிருந்தார். தாத்தா சொன்னதுதானே, வீட்டுப் பேச்சுதானே என்றார். அந்த உவமையைச் சுற்றி மேற்கோள்குறி போட்டு, பக்கத்தில் "பேட்டியளித்தவர் 1" என்று எழுதிக் கொடுத்தேன்.