60-லிருந்து 80: உயர்ந்தது 20 சதவீதமா, 33 சதவீதமா?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள் பள்ளி வாசலில் ஃப்ளெக்ஸ் தொங்கும்: "தேர்ச்சி 20% உயர்வு!" அதே பள்ளியைப் பற்றி யாரோ ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் "33% உயர்வு" என்று போட்டிருப்பார். அப்புறம் எது சரி என்று பெற்றோர்களுக்குள் ஒரு வாக்குவாதம் ஓடும். இரண்டு எண்ணும் ஒரே மார்க் பட்டியலிலிருந்து வந்தவைதான். ஆனால் ஃப்ளெக்ஸில் இருக்கும் வாக்கியம் தவறு. ஏன் என்பதை ஒரு பள்ளியை வைத்தே பார்த்துவிடலாம்.

கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட பள்ளி இது. போன வருடம் 125 பேர் தேர்வு எழுதி 75 பேர் தேறினார்கள். தேர்ச்சி 60 சதவீதம். இந்த வருடம் 115 பேர் எழுதி 92 பேர் தேறினார்கள். தேர்ச்சி 80 சதவீதம்.

80-லிருந்து 60-ஐக் கழித்தால் 20. இந்த 20-க்குச் சதவீதப் புள்ளி என்று பெயர். போன வருடம் நூற்றுக்கு 60 பேர் தேறினார்கள், இந்த வருடம் நூற்றுக்கு 80 பேர், அதாவது நூற்றுக்கு 20 பேர் கூடுதல் என்பதுதான் அதற்கு அர்த்தம். சதவீத மாற்றம் என்பது வேறு கேள்விக்கான விடை. பழைய 60-ஐ அடிப்படையாக வைத்து, கூடிய 20 அதில் எவ்வளவு பங்கு என்று கேட்கிறோம். 20-ஐ 60-ஆல் வகுத்தால் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33.3 சதவீதம்.

ஆக, "தேர்ச்சி விகிதம் 20 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது" என்பது சரி. "தேர்ச்சி விகிதம் 33.3 சதவீதம் உயர்ந்தது" என்பதும் சரி. "20 சதவீதம் உயர்ந்தது" என்பது மட்டும் சரியில்லை. 60-ல் 20 சதவீதம் என்றால் 12. அப்படி உயர்ந்திருந்தால் தேர்ச்சி 72-இல் நின்றிருக்கும்.

சம்பளமோ பால் விலையோ ஏறினால் இந்தக் குழப்பம் வருவதில்லை. 50 ரூபாய் 55 ஆனால் கூடியது 5 ரூபாய், உயர்வு 10 சதவீதம். ஒன்று ரூபாய், இன்னொன்று சதவீதம் என்று அலகே பிரித்துக் காட்டிவிடும். தேர்ச்சி விகிதத்தில் அளக்கப்படும் பொருளே சதவீதமாக இருக்கிறது. கழித்தாலும் வகுத்தாலும் விடையின் பின்னால் அதே குறி வந்து ஒட்டிக்கொள்கிறது.

எக்செல் இதில் ஒரு வில்லன். தேர்ச்சிப் பகுப்பாய்வுப் பட்டியலில் போன வருட விகிதம் B2-விலும் இந்த வருட விகிதம் C2-விலும் சதவீத வடிவத்தில் இருக்கிறது என்று வையுங்கள். வித்தியாசத்துக்கு எல்லோரும் போடுவது இதுதான்:

```
=C2-B2
```

கழித்தல் சரிதான். ஆனால் அந்தக் கட்டமும் பக்கத்துக் கட்டங்களின் வடிவத்தை எடுத்துக்கொண்டு 20% என்று காட்டும். அதை அப்படியே அறிக்கையில் நகலெடுத்து ஒட்டுகிறார்கள். ஃப்ளெக்ஸ் தவறுகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது என்பது என் சந்தேகம். புள்ளியாகவே காட்ட வேண்டுமானால்:

```
=(C2-B2)*100
```

இதைப் போட்டதும் 2000% என்று தெரிந்தால் பயப்பட வேண்டாம். கட்டத்தின் வடிவத்தைச் சதவீதத்திலிருந்து சாதாரண எண்ணுக்கு மாற்றினால் 20 என்று வந்துவிடும். பத்தியின் தலைப்பில் "உயர்வு %" என்று எழுதாமல் "உயர்வு (புள்ளி)" என்று எழுதுங்கள். சதவீத மாற்றமும் தேவைப்பட்டால் `=(C2-B2)/B2` என்று தனிப் பத்தியில் போடலாம். அந்தக் கட்டத்தில் % குறி இருப்பதுதான் நியாயம்.

படிப்பவர் பக்கத்திலிருந்து பார்த்தால், பழைய விகிதத்தைச் சொல்லாமல் விட்ட செய்திதான் அதிகத் தொல்லை தரும். "இந்த ஆண்டு தேர்ச்சி 80 சதவீதம், கடந்த ஆண்டைவிட 20 சதவீதம் அதிகம்" என்று மட்டும் இருந்தால் போன வருட நிலவரம் என்ன? புள்ளியைச் சொன்னார்கள் என்றால் 60. சதவீத மாற்றத்தைச் சொன்னார்கள் என்றால் 80-ஐ 1.2-ஆல் வகுக்க வேண்டும், 66.7 வரும். வாக்கியத்துக்குள்ளேயே தேடினால் பதில் கிடைக்காது. இரண்டு விகிதங்களும் இருந்தால் ஒரு கழித்தலில் தெரிந்துவிடும்: சொல்லப்பட்ட உயர்வும் வித்தியாசமும் ஒன்றாக இருந்தால் அது புள்ளி.

இலக்கு வைக்கும் கூட்டங்களில் இதே குழப்பம் ஆளைத் தடுமாற வைக்கும். "அடுத்த வருடம் எல்லாப் பள்ளியும் 10 சதவீதம் கூட்ட வேண்டும்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். 70-இல் இருக்கும் பள்ளி 77-க்குப் போக வேண்டுமா, 80-க்கா? 100 பேர் எழுதும் பள்ளியில் அது 3 பிள்ளைகள் வித்தியாசம். ஏற்கெனவே 95-இல் இருக்கும் பள்ளிக்கு எந்த வழியில் கணக்குப் போட்டாலும் நூறைத் தாண்டிவிடும். "70-லிருந்து 80-க்கு" என்று இரண்டு முனையையும் சொல்லிவிட்டால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இறங்குமுகத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. 60-லிருந்து 80-க்குப் போனது 33.3 சதவீத உயர்வு. அடுத்த வருடம் 80-லிருந்து மறுபடி 60-க்கே விழுந்தால் அது 25 சதவீத வீழ்ச்சிதான், ஏனென்றால் இப்போது அடிப்படை 80. "33 ஏறி 25 தானே இறங்கியது, இன்னும் 8 மிச்சம்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள், பள்ளி கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்கிறது. புள்ளியில் சொன்னால் இந்த வம்பே இல்லை: 20 ஏறியது, 20 இறங்கியது.

பள்ளிகளை ஒப்பிடும்போதுதான் சதவீத மாற்றம் நிஜமாகவே அநியாயம் செய்கிறது. ஒரு பள்ளி 40-லிருந்து 50-க்கு வந்தது. இன்னொன்று 90-லிருந்து 95-க்கு வந்தது. சதவீத மாற்றத்தில் முதலாவது 25, இரண்டாவது வெறும் 5.6. புள்ளியில் 10-ம் 5-ம். ஆனால் தேறாதவர்களைப் பாருங்கள். முதல் பள்ளியில் 60 சதவீதம் 50 ஆனது, ஆறில் ஒரு பங்கு குறைந்தது. இரண்டாவதில் 10 சதவீதம் 5 ஆனது, பாதியாகிவிட்டது. எந்தப் பள்ளி அதிகம் சாதித்தது என்று என்னைக் கேட்டால் இந்த எண்களை மட்டும் வைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சதவீத மாற்றத்தின்படி வரிசைப்படுத்திப் பரிசு கொடுத்தால், கீழே இருந்து தொடங்கிய பள்ளிதான் பெரும்பாலும் ஜெயிக்கும். அடிப்படை எண் சின்னதாக இருந்தால் விகிதம் பெரிதாக வரும், அவ்வளவுதான் காரணம்.

மாநில அளவிலும் இதைப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 2024-இல் 91.55 சதவீதம், 2025-இல் 93.80. உயர்வு 2.25 சதவீதப் புள்ளிகள். சதவீத மாற்றம் 2.46. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் இங்கே யாருக்கும் தவறு உறைக்காது. விகிதம் நூறை நெருங்க நெருங்க இரண்டும் இப்படித்தான் ஒட்டிவரும். அதனால் "2.25 சதவீதம் அதிகம்" என்று எழுதிப் பழகிய கை, 60-இல் இருக்கும் பள்ளிக்கும் அதையே எழுதிவிடுகிறது.

அதே இரண்டு வருடங்களைத் தேறாதவர்கள் பக்கமிருந்து சொன்னால் எண் எகிறும். 8.45 சதவீதமாக இருந்தது 6.20 ஆனது. குறைவு அதே 2.25 புள்ளிதான், ஆனால் சதவீத மாற்றமாகச் சொன்னால் 26.6 சதவீத வீழ்ச்சி. பெரிய எண் வேண்டும் என்பவர் இதைத்தான் எடுப்பார். அதிலும் பொய் இல்லை. ஆனால் "தேர்ச்சி" என்று தலைப்புப் போட்டுவிட்டு அந்த 26.6-ஐ உள்ளே நுழைத்தால் அது ஏமாற்று.

தலைகளை எண்ணினால் இன்னொரு வேடிக்கை. 2024-இல் 8,94,264 பேர் எழுதி 8,18,743 பேர் தேறினார்கள். 2025-இல் எழுதியவர்கள் 8,71,239, தேறியவர்கள் 8,17,261. தேர்ச்சி விகிதம் கூடியிருக்கிறது, தேறியவர்களின் எண்ணிக்கையோ 1,482 குறைந்திருக்கிறது. எழுதியவர்களே 23 ஆயிரம் பேர் குறைவு என்பதால் இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. எனவே "தேர்ச்சி பெற்ற மாணவர்கள் இத்தனை சதவீதம் அதிகரித்தனர்" என்று விகிதத்தின் உயர்வை எழுதினால், புள்ளியா சதவீதமா என்ற பிரச்சினையைத் தாண்டி வாக்கியமே தலைகீழாகப் போய்விடும்.

நம் பள்ளியிலும் இது இருக்கிறது. தேறியவர்கள் 75-லிருந்து 92 ஆனார்கள், அது 22.7 சதவீத உயர்வு. 20-ம் இல்லை, 33.3-ம் இல்லை, மூன்றாவது ஒரு எண். தேறாதவர்கள் 50-லிருந்து 23 ஆனார்கள், 54 சதவீதக் குறைவு. ஒரே ரிசல்ட்டிலிருந்து நான்கு எண்கள் வந்துவிட்டன, நான்கும் சரி. எதைப் பற்றிய எண் என்பதை வாக்கியத்தின் எழுவாய் சொல்லியாக வேண்டும்: தேர்ச்சி விகிதமா, தேறியவர்களா, தேறாதவர்களா?

சின்னப் பள்ளிகளுக்கு நான் விகிதத்தையே சொல்ல மாட்டேன். 8 பேர் எழுதும் பள்ளியில் ஒரு பிள்ளை என்பது 12.5 புள்ளி. போன வருடம் 6 பேர், இந்த வருடம் 7 பேர் தேறினார்கள் என்றால் 75-லிருந்து 87.5. "தேர்ச்சி விகிதம் 16.7 சதவீதம் உயர்ந்தது" என்று எழுதினால் கணக்கு சரிதான், ஆனால் நடந்தது ஒரு பிள்ளை கூடுதலாகத் தேறியது. எட்டில் ஆறு, எட்டில் ஏழு என்றே எழுதிவிடலாம்.

நம் பள்ளிக்கு நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்: "தேர்ச்சி விகிதம் 60 சதவீதத்திலிருந்து 80 சதவீதமாக, 20 சதவீதப் புள்ளிகள் உயர்ந்துள்ளது. கடந்த ஆண்டு 125 பேரில் 75 பேரும், இந்த ஆண்டு 115 பேரில் 92 பேரும் தேறினர்." ஃப்ளெக்ஸில் இடம் பற்றாது என்றால் "60% → 80%" போதும், உயர்வைக் கணக்குப் போட்டுச் சொல்லவே வேண்டாம்.

எண்ணிக்கையையும் சேர்த்து எழுதுவதால் இன்னொரு கேள்வி தானாக எழும்: 125 எப்படி 115 ஆனது? சேர்க்கையே குறைவாக இருந்திருக்கலாம். டிசி வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்குப் போயிருக்கலாம். பெயர் பதிந்தும் பத்துப் பேர் தேர்வுக்கு வராமல் போயிருக்கலாம், தேர்ச்சி விகிதம் எழுதியவர்களை வைத்துத்தானே போடப்படுகிறது. கடைசியாகச் சொன்னதுதான் காரணம் என்றால், அந்தப் பத்துப் பேரையும் சேர்த்து 92-ஐ 125-ஆல் வகுத்துப் பாருங்கள். 73.6 சதவீதம் வரும். போன வருடம் பதிந்த எல்லோரும் எழுதியிருந்தால், உயர்வு 20 புள்ளியிலிருந்து 13.6-க்கு வந்துவிடும்.