தைப்பூச வாழ்த்தில் எங்கே கை நழுவுகிறது?

மொரிஷியஸில் தைப்பூசக் காவடி அரசு விடுமுறை. இரண்டு வாரமாக டேட்டிங் ஆப்பில் பேசிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அன்று வாழ்த்து அனுப்புவது இயல்புதான். ஆனால் பெயரைப் பார்த்து மட்டும் அனுப்பிவிடாதீர்கள். இங்கே தமிழ்க் குடும்பப்பெயர் உள்ள கத்தோலிக்கர்களும் நிறைய இருக்கிறார்கள். அவரே காவடி பற்றிப் பேசியிருந்தால்தான் தைப்பூச வாழ்த்து பொருந்தும்.

ரோஸ் ஹில்லில் இருக்கும் பெண் ஒருவர், "பத்து நாள் விரதம் இருக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார் என வைத்துக்கொள்வோம். அதற்கு இப்படி ஒரு வாழ்த்து போகிறது: "ஹேப்பி காவடி டியர்! யாருக்காக வேண்டுதல்? எந்தக் கோவில்? பார்க்க வரட்டுமா?"

இதில் 'டியர்' கூடச் சின்னப் பிழைதான். பெரிய பிழை வேண்டுதலைக் கேட்டது. காவடி எடுப்பதன் பின்னால் அம்மாவின் அறுவை சிகிச்சையோ, தங்காமல் போன ஒரு கருவோ இருக்கலாம். பல வீடுகளில் அதைச் சொந்தக்காரர்களே கேட்பதில்லை. இரண்டு வார அறிமுகத்தில் கேட்டால், சிரித்து மழுப்பவும் முடியாமல், உண்மையைச் சொல்லவும் முடியாமல் அவர் தவிப்பார்.

அடுத்தது 'வரட்டுமா'. ஊர்வலத்தில் அப்பா, சித்தி, பக்கத்து வீட்டார் எல்லோரும் உடன் நடப்பார்கள். அங்கே போய் நின்றால் மறுநாளே "யார் அந்தப் பையன்?" என்ற கேள்விக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். கோவில் பெயரைக் கேட்பதும் வீடு இருக்கும் பகுதியைக் கேட்பது மாதிரிதான்.

நேரமும் முக்கியம். பூசத்தன்று காலையில் ஆற்றங்கரையில் பூஜை, நாக்கில் வேல், அப்புறம் வெயிலில் வெறுங்காலோடு நடை. போன் கையில் இருக்காது. அதனால் முந்தைய நாள் மாலையே அனுப்பிவிடுங்கள்:

"நாளை தைப்பூசம். உங்கள் விரதம் நல்லபடியாக நிறைவேறட்டும். வெயில் கடுமையாக இருக்கும், பார்த்து நடங்கள். பதிலுக்கு அவசரமில்லை, இனிய தைப்பூச வாழ்த்துகள்."

அவர் சொன்ன விரதத்தை நீங்கள் மறக்கவில்லை என்பது இதில் தெரிகிறது. கேள்வி எதுவும் இல்லாததால் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற நெருக்கடியும் இல்லை. 'நீங்கள்' என்றே எழுதுங்கள். அவர் 'நீ' என்று பேச ஆரம்பித்த பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

அன்று முழுக்க பதில் வராவிட்டால் இரண்டாவது செய்தி வேண்டாம். "பார்த்தீர்களா?" என்று ஒரு வரி போனாலே, வாழ்த்து கணக்குக் கேட்பதாக மாறிவிடும். மறுநாள் வாழையிலையில் ஏழு வகைச் சைவக் கறிச் சாப்பாட்டின் படம் வந்தால் சாப்பாட்டைப் பற்றியே பேசுங்கள். வேண்டுதலை அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், "நிறைவேறியதா?" என்று மட்டும் பிறகு விசாரிக்காதீர்கள்.